அச்சுக்குக் கீழே இறங்காத பரவளையம்

0 முதல் 1 வரை √(1+x³) என்ற சார்பைத் தொகையிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த பிரதியிடல், பகுதித் தொகையிடல் எதுவும் இங்கே கைகொடுக்காது. ஆனால் அதே சார்பை வர்க்கப்படுத்திவிட்டால் வர்க்கமூலம் போய்விடும். மிச்சம் இருக்கும் 1+x³ஐ ஒரே வரியில் தொகையிட்டு 5/4 என்று எழுதிவிடலாம். இந்த 5/4 நம் விடையைப் பற்றி ஏதாவது சொல்லுமா? சொல்லும். அதற்கு வழி தருவது இந்தச் சமனிலி:

(∫fg)² ≤ ∫f² · ∫g²

கூட்டல்தொடர்களுக்கான வடிவத்தை கோஷி 1821இல் வெளியிட்டார். தொகையீடுகளுக்கான வடிவத்தை 1859இல் ரஷ்யக் கணிதவியலாளர் புன்யகோவ்ஸ்கி எழுதினார். 1885இல் ஷ்வார்ட்ஸ், சோப்புப் படலம் போன்ற சிறுமப் பரப்புகளை ஆராய்ந்தபோது, இருமாறித் தொகையீடுகளுக்கு இது தேவைப்பட்டு, தானே நிறுவினார். அவர் பிடித்த வழி பத்தாம் வகுப்பு இருபடிக் கோவை. எனக்கு இந்த நிறுவல்மேல் தனிப் பிரியம் உண்டு.

t என்று ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு f + tg என்ற கலவையை உருவாக்குவோம். அதன் வர்க்கம் எங்கேயும் குறை எண் ஆகாது; ஆகவே அதன் தொகையும் ஆகாது. விரித்து எழுதினால்:

∫(f + tg)² = A + 2Bt + Ct² ≥ 0

இங்கே A = ∫f², B = ∫fg, C = ∫g². தொகையீடுகள் எல்லாம் வெறும் எண்களாகிவிட்டன. மாறி என்று மிஞ்சுவது t மட்டும்தான். t எதுவானாலும் இந்தக் கோவை குறை எண் ஆகாது என்றால், அதன் பரவளையம் அச்சை அதிகபட்சம் தொட்டுவிட்டு மேலே போகலாம், வெட்டிக்கொண்டு கீழே இறங்க முடியாது. அதாவது இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள் கிடையாது. அப்படியென்றால் தன்மைக்காட்டி 4B² − 4AC பூச்சியமாகவோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். B² ≤ AC. அவ்வளவுதான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். C = 0 என்றால் அது பரவளையமே அல்ல, A + 2Bt என்ற நேர்கோடு. B பூச்சியமில்லை என்றால் அந்தக் கோடு எங்காவது அச்சுக்குக் கீழே போயே தீரும். அது கூடாது, ஆகவே B = 0; சமனிலி அப்போதும் சரி. விடைத்தாளில் பலரும் விட்டுவிடும் வரி இதுதான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 0 முதல் 1 வரை f = x, g = 1. A = 1/3, B = 1/2, C = 1. கோவை t² + t + 1/3. இதன் மிகக் குறைந்த மதிப்பு t = −1/2இல் வருகிறது, அது 1/12. பரவளையம் அச்சைத் தொடாமல் 1/12 உயரத்தில் நிற்கிறது. AC − B² = 1/3 − 1/4 என்பதும் அதே 1/12தான். இது சும்மா வந்த எண் அல்ல. xஇலிருந்து அதன் சராசரியான 1/2ஐக் கழித்து, வர்க்கப்படுத்தித் தொகையிட்டால் வருவது; புள்ளியியலில் இதைத்தான் விலக்க வர்க்கச் சராசரி என்கிறோம். gஇன் எந்த மடங்கைக் கழித்தாலும் fஇல் கரையாமல் மிஞ்சும் பகுதியைத்தான் இந்த இடைவெளி அளக்கிறது. f, gஇன் மடங்காகவே இருந்தால் எதுவும் மிஞ்சாது. பரவளையம் அச்சைத் தொடும், சமக்குறி கிடைக்கும்.

சரி, முதல் கணக்குக்கு வருவோம். f = √(1+x³), g = 1 என்றால் தொகையின் வர்க்கம் 5/4ஐத் தாண்டாது. ஆகவே தொகை அதிகபட்சம் சுமார் 1.118. உண்மையான மதிப்பு சுமார் 1.111. ஒரு வரி வேலைக்கு இது நல்ல நெருக்கம். 0 முதல் 1 வரை அந்தச் சார்பு 1இலிருந்து 1.414 வரைதான் ஏறுகிறது, மாறிலியிலிருந்து அதிகம் விலகவில்லை. அதனால்தான் இடைவெளி சிறியது.

எப்போதும் இப்படி அமையாது. 1/√xஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால் 2 வரும். ஆனால் g = 1 என்று வைத்து அதை வர்க்கப்படுத்தினால் 1/x; அதன் தொகை முடிவிலி. 4 ≤ முடிவிலி என்பது பொய்யல்ல, ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் என்ன செய்வது? பிரிப்பை மாற்றிப் பார்க்கலாம். அதே சார்பை x^(−0.4), x^(−0.1) என்ற இரண்டின் பெருக்கலாக எழுதுங்கள். வர்க்கங்களின் தொகைகள் 5, 1.25. பெருக்கினால் 6.25, வர்க்கமூலம் 2.5. இப்போது 2 ≤ 2.5 என்று உருப்படியான எல்லை கிடைக்கிறது. எதை f என்று வைப்பது, எதை g என்று வைப்பது என்பதை சமனிலி சொல்லித் தராது; அது கணக்குப் போடுபவர் கையில் இருக்கிறது.