தரை கதகதப்பானால் உத்திரம் குளிரும்

பிரிட்டனில் நூறாண்டுப் பழைய வீட்டில் குடியிருக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பலகை இடுக்குகளில் குளிர்காற்று சீறி வருகிறது. பலகைக்கு அடியில் கம்பளிப் பஞ்சு திணித்து, வெளிச்சுவரின் காற்றுத் துளைகளையும் அடைத்துவிடலாமா?" பஞ்சு வைக்கலாம். துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது.

அத்தகைய தரை மண்ணைத் தொடாது. ஜாய்ஸ்ட் எனும் மர உத்திரங்கள் சுவருக்குச் சுவர் ஓடும், மேலே பலகை, கீழே வெற்றிடம். ஈர மண்ணிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கும், துளைகள் வழியே புகும் காற்று அதை அள்ளிச் செல்லும். இவ்வளவும் பள்ளிப் பாடம்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது.

பஞ்சு வைப்பதற்கு முன் வீட்டின் வெப்பம் பலகை வழியே கீழே கசிந்து வெற்றிடத்தைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அங்கே 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 10.7 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 7 கிராம் இருந்தால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 66 சதவீதம். இப்போது பஞ்சு வைத்துவிட்டோம், வெப்பம் இறங்குவது பெரும்பாலும் நின்றது, வெற்றிடம் 8 டிகிரிக்கு வந்தது. ஒரு துளி நீரும் புதிதாகச் சேரவில்லை, அதே 7 கிராம்தான். ஆனால் 8 டிகிரியில் காற்று தாங்குவது 8.3 கிராம்தான் என்பதால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 85 சதவீதமாகிவிடுகிறது. மரம் காற்றின் ஒப்பு ஈரப்பதத்துக்கு ஏற்பவே நீரை உறிஞ்சும்: முன்பு தன் எடையில் சுமார் 12 சதவீத நீர் வைத்திருந்த உத்திரம் இப்போது 18 சதவீதத்தை நெருங்கும். மக்கவைக்கும் பூஞ்சைகளுக்கு எச்சரிக்கைக் கோடாகச் சொல்லப்படுவது 20 சதவீதம். நல்ல எண்ணத்தோடு செய்த வேலை, உத்திரத்தை அந்தக் கோட்டின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

குளிர்காலத்தில் துளைகள் தரும் பாதுகாப்பும் இதே கணக்கில் தெரியும். வெளியே 5 டிகிரி, 85 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் இருப்பது 5.8 கிராம்தான். உள்ளே இருக்கும் 7 கிராமோடு கலந்து அதைக் குறைக்கிறது. துளையை அடைத்தால் மண்ணின் ஆவி போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

எத்தனை துளை வேண்டும்? இங்கிலாந்தின் கட்டட விதிக் கையேடு, வெளிச்சுவரின் ஒரு மீட்டருக்கு 1,500 சதுர மி.மீ. அல்லது தரையின் ஒரு சதுர மீட்டருக்கு 500 சதுர மி.மீ., இவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 20 சதுர மீட்டர் அறை, 5 மீட்டர் வெளிச்சுவர் என்றால் முறையே 7,500, 10,000. ஆகவே 10,000 தேவை. துளைகளிட்ட பழைய சுடுமண் காற்றுக்கல் ஒன்று பெரும்பாலும் 1,500-ஐயே எட்டாது. அதாவது ஏழு கல்லாவது வேண்டும். பல வீடுகளில் இரண்டு மூன்றுதான் இருக்கும், அவற்றிலும் ஒன்று பூந்தொட்டி மண்ணுக்குள் புதைந்திருக்கும்.

அடுத்த ஆபத்து மேலிருந்து வருகிறது. 20 டிகிரி, 50 சதவீத அறைக் காற்றில் 8.6 கிராம் நீராவி உண்டு. அது இடுக்கு வழியே இறங்கி 8 டிகிரி மரத்தைத் தொட்டால் நீர்த்துளியாகப் படிந்துவிடும். ஆகவே வரிசை முக்கியம். பலகைகளைக் கழற்றி, ஆவி ஊடுருவும் ஆனால் காற்று புகாத மென்படலத்தை உத்திரங்களின் மேல் தொட்டில்போலத் தொய்யவிட வேண்டும். அதனுள் கனிமப் பஞ்சையோ மரநார்ப் பஞ்சையோ பலகையின் அடிப்பக்கம் தொடும்படி நிரப்ப வேண்டும். இடையே இடைவெளி விட்டால் குளிர்காற்று அதில் ஓடிப் பஞ்சின் பயனையே கெடுத்துவிடும். அதன் மேல், அறைப் பக்கம், ஆவியைத் தடுக்கும் படலம். ஓரங்களைச் சுவரோடு நாடாவால் ஒட்ட வேண்டும். பஞ்சுக்குக் கீழே பாலித்தீன் விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பஞ்சை ஈரத்தொட்டியாக்கும். பாலித்தீனுக்கு உரிய இடம் மண்ணின் மேல்தான்.

கோடையில் கணக்கு தலைகீழாகும். 18 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும் புழுக்கக் காற்று 15 டிகிரி வெற்றிடத்துக்குள் வந்தால், காற்றோட்டமே நீரைக் கொண்டுவந்து கொட்டும். வெக்கையும் ஈரமும் மிகுந்த ஊர்களில் துளைகளை மூடி, மண்ணைப் படலத்தால் போர்த்தி, ஈரமுறிஞ்சியும் வைப்பது அதனால்தான். ஓர் ஊரின் விதியை இன்னோர் ஊருக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. தரைக்கு அடியில் உணரிகளை வைத்து ஐந்து குளிர்காலம் அளக்கும் ஆய்வுகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகிக்கு ஒன்று சொல்வேன். பஞ்சு வைக்கும் முன் உத்திரத்தின் நுனி சுவரில் நுழையும் இடத்தில் ஊசி ஈரமானியால் குத்திப் பாருங்கள். இப்போதே 20-ஐத் தாண்டினால் பஞ்சு வேண்டாம். முதலில் ஈரத்தின் மூலத்தைத் தேடுங்கள். தாண்டாவிட்டால் வேலையை முடித்து, சுவரோரம் ஒரு பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் திருகாணியில் விட்டு, அடியிலுள்ள படலத்தையும் பிரித்து மறுபடி நாடாவால் ஒட்டும்படி வையுங்கள். பிப்ரவரியில் அதைத் திறந்து அதே இடத்தில் மறுபடி குத்த வேண்டும்.