சுழலும் கோளக் கூட்டின் காந்தப்புலம்: அந்த 2/3 எங்கிருந்து வருகிறது?

R ஆரமுள்ள மெல்லிய கோளக் கூடு. அதன் பரப்பு முழுவதும் σ என்ற அடர்த்தியில் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. விட்டம் வழியே செல்லும் அச்சைப் பற்றி அது ω கோணத் திசைவேகத்தில் சுழல்கிறது. உள்ளே காந்தப்புலம் எங்கும் ஒரே அளவு, ஒரே திசை: B = (2/3) μ0 σ R ω. முதுகலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பலருக்கு இந்த விடை மனப்பாடம். ஆனால் கூட்டுக்கு வெளியே, நடுவரைக்கு அருகில் புலம் எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்டால் தடுமாறுவார்கள். விடை வந்த வழி தெரியாததுதான் காரணம்.

வழக்கமாகச் செய்யும் கணக்கு இது. கூட்டை அச்சுக்குச் செங்குத்தான வளையங்களாக அறுத்துக்கொள்கிறோம். அச்சிலிருந்து θ கோணத்தில் உள்ள வளையத்தின் ஆரம் R sinθ. அதன் அகலம் R dθ. அங்கே மின்னூட்டத்தின் வேகம் ωR sinθ என்பதால் மின்னோட்டம் dI = σ ω R² sinθ dθ. எந்த வளையத்தை எடுத்தாலும் அதன் விளிம்பு மையத்திலிருந்து R தூரத்தில்தான் இருக்கும்; கணக்கு எளிதாவது இதனால்தான். எல்லாவற்றையும் கூட்டினால் sin³θ-இன் தொகையீடு 4/3 என்று வரும், புலம் (2/3) μ0 σ R ω.

இது மையப்புள்ளிக்கு மட்டுமே உரிய விடை. மற்ற இடங்களிலும் இதே புலம்தான் என்பதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. விடைத்தாள்களில் இந்த இடத்தில் ‘சமச்சீர்மையால் எங்கும் சீரானது’ என்று ஒரு வரி எழுதித் தாண்டிவிடுவதுண்டு. அது தவறு. சுழற்சி வந்த உடனேயே கோளச் சமச்சீர்மை போய்விட்டது, அச்சைச் சுற்றிய சமச்சீர்மை மட்டும்தான் மிஞ்சுகிறது. ஆம்பியர் விதியை நேரே போட்டு விடை எடுக்க முடியாததும் அதனால்தான்.

சீரானது என்பதைக் காட்ட வேறு வழி இருக்கிறது, அது இன்னும் சுருக்கமானது. உள்ளே அச்சுக்கு இணையாக B0 என்ற சீரான புலமும், வெளியே மையத்தில் ஓர் இருமுனை வைத்தது போன்ற புலமும் இருப்பதாக வைத்துக்கொண்டு, கூட்டின் பரப்பில் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்போம்.

பரப்புக்குச் செங்குத்தான கூறு உள்ளும் வெளியும் சமமாக இருக்க வேண்டும். உள்ளே அது B0 cosθ. இருமுனைப் புலத்தின் ஆரத் திசைக் கூறும் cosθ-ஐப் பொறுத்தே மாறுகிறது. ஆக, இருமுனையின் வலிமையைச் சரியாகத் தேர்ந்தால் எல்லாக் கோணத்திலும் இரண்டும் ஒத்துப்போகும். அடுத்தது பரப்பை ஒட்டிய கூறு. உள்ளே −B0 sinθ. இருமுனையின் பக்கவாட்டுக் கூறு ஆரக் கூற்றில் பாதி அளவானது என்பதால் வெளியே +(B0/2) sinθ. இடைவெளி (3/2) B0 sinθ. இது பரப்பு மின்னோட்ட அடர்த்தியின் μ0 மடங்காக, அதாவது μ0 σ ω R sinθ ஆக இருக்க வேண்டும். இரு பக்கமும் sinθ இருப்பதால் அது நீங்கி, B0 = (2/3) μ0 σ R ω கிடைக்கிறது. எல்லை நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றும் தீர்வு ஒன்றே ஒன்றுதான். எனவே ஊகித்தது வெறும் ஊகமாக நிற்காமல் விடையாகவே ஆகிவிடுகிறது.

2/3 என்பது இந்த 3/2-இன் தலைகீழ்தான். முன்பு கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது: நடுவரையில் கூட்டைத் தாண்டியதும் புலம் பாதியாகக் குறைந்து எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். துருவத்தில் மாற்றமே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண மின்னோட்ட வளையம் வெகு தூரத்தில் மட்டுமே இருமுனை போல நடந்துகொள்ளும். இந்தக் கூடு பரப்பைத் தாண்டிய முதல் புள்ளியிலிருந்தே துல்லியமான இருமுனை. மொத்த மின்னூட்டம் Q என்றால் இருமுனைத் திருப்புத்திறன் QωR²/3. திண்ணக் கோளம் முழுவதும் மின்னூட்டம் பரவியிருந்தால் அது QωR²/5 ஆகும், உள்ளே புலமும் சீராக இருக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இதைச் சோதனைச் சாலையில் சுழற்றிப் பார்க்கலாமா? காற்று ஏறத்தாழ மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் மின்புலத்தில் முறிந்துவிடும். அதற்கு மேல் மின்னூட்டம் ஏற்ற முடியாது. σ = ε0 E என்று போட்டால் B = (2/3) E v/c² என்று வருகிறது. இதில் v நடுவரையின் வேகம். கூட்டைப் பெரிதாகச் செய்வதால் மட்டும் எந்தப் பயனும் இல்லை, விளிம்பின் வேகம்தான் கணக்கு. 10 செ.மீ. ஆரக் கூட்டை 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏற்றி நொடிக்கு 100 சுற்று சுழற்றினால் v நொடிக்கு 63 மீட்டர். புலம் வெறும் 1.4 நானோ டெஸ்லா. தமிழ்நாட்டில் பூமியின் புலம் சுமார் 40,000 நானோ டெஸ்லா. இப்படியொரு மெல்லிய விளைவை அமெரிக்க இயற்பியலாளர் ஹென்றி ரோலண்ட் 1876-இல் பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வகத்தில் பிடித்துக் காட்டினார். கோளம் அல்ல, பொன் பூசிய எபோனைட் வட்டு. நொடிக்கு சுமார் 61 சுற்று. பூமியின் புலம் தன்மேல் செயல்படாதபடி எதிரெதிராகக் கட்டிய இரட்டை ஊசிதான் அவருக்கு அளவி.

கையில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்குக் கம்பிச் சுற்று போதும். தேவையானது sinθ-க்கு ஏற்ப மாறும் பரப்பு மின்னோட்டம் மட்டுமே. கோளத்தின் மேல் அச்சு வழியே சம இடைவெளியில் சுற்றினால் அது தானாகவே அமைந்துவிடும். மொத்தம் N சுற்றில் I மின்னோட்டம் ஓடினால் உள்ளே B = μ0 N I/(3R). R = 10 செ.மீ., 100 சுற்று என்றால் அச்சு வழியே சுற்றுக்கு 2 மி.மீ. நடுவரையில் கோளப் பரப்பிலும் அதே 2 மி.மீ. இடைவெளி தெரியும். துருவத்திலிருந்து 30 பாகையில் பரப்பின் மேல் அளந்தால் அது 4 மி.மீ. ஆகிவிடும். பரப்பின் மேல் அளவுகோலை வைத்துச் சமமாகச் சுற்றிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் துருவங்களில் கம்பி நெருங்கி, அங்கே புலம் ஏறிவிடும். கம்பி பதியும் பள்ளங்களைக் கடைசலில் வெட்டும்போதே அச்சு வழி அளவில் வெட்டுவது நல்லது.

0.5 மி.மீ. எனாமல் பூசிய செம்புக் கம்பி சுமார் 49 மீட்டர் வேண்டும். மின்தடை ஏறத்தாழ 4.3 ஓம். 1 ஆம்பியரில் உள்ளே 0.42 மில்லி டெஸ்லா கிடைக்கும். காந்தப்புல அளவியை உள்ளே நுழைக்கத் துருவத்தில் துளை வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். இரு முனையிலும் மும்மூன்று சுற்றை விட்டுவிட்டால் ஏறத்தாழ 7 செ.மீ. அகலத் துளை கிடைக்கும், மையத்தில் புலம் அரை சதவீதம்தான் குறையும். துளைக்கு அருகில் மட்டும் சீர்மை கெடும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் கம்பி, அச்சு வழியாகவும் 1 ஆம்பியரைக் கொண்டுபோகிறது. அதே சுழல் திசையில் இரண்டாம் அடுக்கைத் திருப்பிச் சுற்றினால் அந்த மின்னோட்டம் நீங்கும், புலமும் இரட்டிக்கும். கம்பி நீளமும் மின்தடையும் கூடவே இரட்டிக்கும்.

அளக்கும்போது ஒரே திசையில் மட்டும் மின்னோட்டம் விட்டால் பூமியின் புலமும் சேர்ந்தே வரும், ஓரடுக்குச் சுருளில் அது பத்தில் ஒரு பங்கு. மின்னோட்டத்தைத் திருப்பி இன்னொரு அளவு எடுத்து, இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். பிறகு அளவியை அச்சுக்கு இணையாகவே பிடித்தபடி, சுருளின் நடுவரைக்கு வெளியே ஒட்டிக் கொண்டுபோங்கள். ஓரடுக்குச் சுருள் சரியாகச் சுற்றப்பட்டிருந்தால் கம்பியை மிகவும் நெருங்கிய இடத்தில் அளவி எதிர்க்குறியுடன் 0.21 மில்லி டெஸ்லாவை ஒட்டிய மதிப்பைக் காட்டும்.