இக்காமா: ‘விசா’ என்று எழுதக்கூடாத இடம்

சவூதி அரேபியாவின் தம்மாமில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் நான் கடிதங்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் மாலை, கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு தம்பி கையில் தாளோடு வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. ‘தங்கள் விசா அடுத்த மாதம் காலாவதியாகிறது. புதுப்பிக்கத் தேவையான ஆவணங்களையும் செலவுக்கான ஒப்புதலையும் தரவும்’ என்று அதில் எழுதியிருந்தது.

“அண்ணா, என் விசா மூன்று வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டதே? பாஸ்போர்ட்டில் தேதி போட்டிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் திருட்டுத்தனமாகவா இருந்திருக்கிறேன்?” என்று கேட்டார்.

அவர் படித்தது சரி. கடிதம்தான் தப்பு. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டவர் சவூதியில் தங்கியிருப்பதற்கான அனுமதியான இக்காமாவை ‘விசா’ என்று மொழிபெயர்த்தவன் நான்தான். இக்காமா என்ற சொல்லை நான் ஒழுங்காகத் தேடிப் படித்தது அன்றைக்குப் பிறகுதான்.

முதலில் விசாவைப் பார்ப்போம். இலத்தீனில் ‘பார்க்கப்பட்டது’ என்று பொருள்படும் சொல் அது. ‘பார்வையிடப்பட்ட தாள்’ என்ற தொடரின் பின்பாதி பிரெஞ்சு வழியாக உலகமெங்கும் பரவியது. அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார், உள்ளே விடலாம் என்று முத்திரை வைத்தார், அவ்வளவுதான் அதன் பொருள். அதனால் தமிழில் ‘நுழைவிசைவு’ என்று ஆக்கியவர்கள் பொருளை நன்றாகவே பிடித்திருக்கிறார்கள். விசா வாசலோடு நின்றுவிடுகிற அனுமதி. சவூதிக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஊரில் அடித்துத் தரப்படும் வேலை விசா, வாசலைத் தாண்டியதும் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. வந்து சேர்ந்த 90 நாட்களுக்குள் நிறுவனம் அவருக்கு இக்காமா எடுத்துத் தர வேண்டும். அதன் பிறகு அவர் அங்கே இருப்பது இக்காமாவின் பலத்தில்தான். பாஸ்போர்ட்டில் உள்ள விசா தேதி முடிந்துபோனதைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையே இல்லை. அந்தத் தம்பி மூன்று வருடமும் முறையாகத்தான் இருந்திருக்கிறார்.

இக்காமா அரபுச் சொல். காஃப்-வாவ்-மீம் என்ற மூன்று எழுத்து வேரிலிருந்து வருகிறது. ‘காம’ என்றால் எழுந்து நின்றான். ‘அகாம’ என்றால் நிலைநிறுத்தினான், ஓரிடத்தில் நிலைத்துத் தங்கினான். அந்த வினையின் பெயர்ச்சொல்தான் ‘இகாமா’, அதாவது நிலைத்திருத்தல், தங்கியிருத்தல். தங்கியிருப்பவர் ‘முகீம்’. நிறுவனங்கள் இக்காமா புதுப்பிக்கும் இணையச் சேவைக்கு முகீம் என்று பெயர் வைத்திருப்பது இதனால்தான்.

தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தச் சொல் வளைகுடாவுக்குப் போய்த் தெரிந்துகொண்டது இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி, தொழுகை தொடங்குமுன் வரிசையில் எழுந்து நிற்கச் சொல்லும் ‘இகாமத்’ இதே சொல்தான். ஊர்ப் பள்ளிவாசலில் ‘த்’ என்று முடிகிறது, தம்மாமில் ‘ஆ’ என்று முடிகிறது. எல்லாரும் எழுந்து நிற்கும் கியாமத்து நாளும் இதே வேர். முகாம் தெருக்களில் இது ‘அக்காமா’ என்றும் வழங்குகிறது. எழுத்தில் இக்காமா, அக்காமா, இகாமா மூன்றையும் பார்க்கலாம். வளைகுடாத் தமிழர்களிடம் பழகிய வடிவம் என்பதால் நான் ‘இக்காமா’ என்றே எழுதுகிறேன்.

தமிழில் இதற்கு நிகர் என்ன? ‘குடியுரிமை அட்டை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது முழுத் தவறு. இக்காமா வைத்திருப்பவருக்குக் குடியுரிமை எதுவும் கிடையாது. ‘குடியிருப்பு அனுமதி’ பரவாயில்லை, ஆனால் நம் காதில் குடியிருப்பு என்றால் வீடுகளின் வரிசைதான் முதலில் விழுகிறது. இலங்கைத் தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் வழக்கிலேயே இருக்கிறது: வதிவிடம். வதிதல் என்றால் தங்குதல். பழந்தமிழ்ச் சொல். தமிழ்நாட்டில் வழக்கொழிந்த அது, இலங்கையின் அலுவலகப் படிவங்களில் உயிரோடு இருக்கிறது. ‘வதிவிட அனுமதி’ என்றால் இக்காமாவின் வேர்ப்பொருளே வந்துவிடுகிறது. கடிதத்தில் ‘இக்காமா (வதிவிட அனுமதி)’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, அதன் பிறகு இக்காமா என்றே தொடர வேண்டும் என்பது என் கருத்து. படிப்பவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டைக்கு அவர் சொல்லும் பெயர் அதுதான்.

இக்காமாவோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு தாள் உண்டு: ருக்ஸத் அமல், அதாவது பணி அனுமதி. இது மனிதவள, சமூக மேம்பாட்டு அமைச்சகத்தின் பக்கம், இக்காமா ஜவாஸாத் எனப்படும் கடவுச்சீட்டுத் துறையின் பக்கம். பணி அனுமதி புதுப்பிக்கப்படாமல் இக்காமா புதுப்பிக்கப்படாது. நிறுவனம் முதலில் அந்த அமைச்சகத்தின் கிவா இணையத்தளத்தில் பணி அனுமதிக்குப் பணம் கட்டும், பிறகு முகீமில் இக்காமாவைப் புதுப்பிக்கும். ‘விசா புதுப்பிப்பு’ என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டையும் அடைக்கும்போதுதான் செலவு விவகாரம் குழம்புகிறது.

அந்தத் தம்பியின் கடிதத்தில் இரண்டாவது பத்தி இப்படி இருந்தது: ‘விசா புதுப்பிப்புச் செலவில் பாதி தங்கள் சம்பளத்தில் பன்னிரண்டு தவணைகளில் பிடித்தம் செய்யப்படும்.’ எதற்கு எவ்வளவு என்ற விவரம் இல்லை. அவரோடு உட்கார்ந்து பிரித்துப் போட்டுப் பார்த்தேன். இக்காமா கட்டணம் வருடத்துக்கு 650 ரியால். பணி அனுமதிக் கட்டணம் 100 ரியால். பெரிய தொகை மூன்றாவது: வெளிநாட்டுப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் அரசு வாங்கும் மாதாந்தர வரி. 2020 முதல், சவூதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகமுள்ள நிறுவனத்தில் ஆளுக்கு மாதம் 800 ரியால், மற்ற நிறுவனங்களில் 700. தொழிற்சாலைகளுக்கும் மிகச் சிறிய நிறுவனங்களுக்கும் சலுகை உண்டு. அவருடையது வெளிநாட்டவர் அதிகமுள்ள நிறுவனம் என்பதால் வருடத்துக்கு 9,600. மொத்தம் 10,350 ரியால். பாதி என்றால் 5,175. மாதம் 1,500 ரியால் சம்பளம் வாங்குகிறவருக்கு அது ஏறக்குறைய மூன்றரை மாத உழைப்பு.

இந்தப் பாதியைக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. 2005இல் வந்த சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: பணியாளரை வரவழைக்கும் கட்டணம், இக்காமா, பணி அனுமதி, இரண்டையும் புதுப்பிக்கும் கட்டணம், தாமதத்தால் விழும் அபராதம், தொழில் மாற்றக் கட்டணம், போய்வரும் விசாக் கட்டணம், வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட், எல்லாம் முதலாளியின் பொறுப்பு. பணியாளர் வேலைக்குத் தகுதியற்றவராக இருந்தாலோ, தக்க காரணம் இல்லாமல் தானாகத் திரும்பிப் போக விரும்பினாலோ மட்டும் பயணச் செலவு அவருடையது. வீட்டு ஓட்டுநர், பணிப்பெண் போன்றோர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனி விதிமுறை.

தாமத அபராதம் முதல் முறை 500 ரியால், இரண்டாம் முறை 1,000. மூன்றாம் முறை நாடு கடத்தல் வரை போகும். புதுப்பிக்கும் பொத்தான் முதலாளியின் கணக்கில் இருக்கிறது, அதனால் அபராதத்தையும் அவர் தலையில் சட்டம் வைத்திருப்பது நியாயமே. ஆனால் சோதனையில் பிடிபடுவது பணியாளர்தான். வங்கிக் கணக்கு முடங்குவதும் அவருக்குத்தான். எனவே கடிதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. 2015 முதல் இக்காமா அட்டை ஐந்தாண்டுக்குச் செல்லுபடியாகும் ஒன்றாகிவிட்டது, வருடாந்தரப் புதுப்பிப்பு கணினியில் மட்டுமே பதிவாகிறது. அட்டை புதிதாகத் தெரிவதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. அரசின் இணையச் சேவையான அப்ஷிரில் தன் கணக்கில் நுழைந்து காலாவதித் தேதியைத் தானே பார்த்துக்கொள்வதுதான் நல்ல வழி.

பணியாளர் பக்கமும் சில செலவுகள் உண்டு. கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது அவருடைய பொறுப்பு. இந்தியர் என்றால் ரியாத் தூதரகம் அல்லது ஜித்தா துணைத் தூதரகத்தின் வழியாக. புதிய கடவுச்சீட்டு வந்ததும் அதன் எண்ணை ஜவாஸாத் பதிவில் மாற்ற வேண்டும். இதைத் தொழிலாளர்கள் ‘நகல் மாலுமாத்’ என்பார்கள். இங்கே நகல் என்றால் பிரதி இல்லை, இடம் மாற்றுதல். தகவலைப் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு மாற்றுதல். இந்த ‘நகலை’ ஒளிப்பிரதி என்று நினைத்துக் கடையில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். தமிழில் ‘கடவுச்சீட்டு விவர மாற்றம்’ என்று எழுதினால் போதும். அடுத்து, பணியாளர் பெயரில் போக்குவரத்து அபராதம் பாக்கி இருந்தால் புதுப்பிப்பு நகராது, அதை அவர்தான் கட்ட வேண்டும். மனைவி மக்களை அழைத்து வைத்திருப்பவருக்கு ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால், வருடத்துக்கு 4,800. இது 40ஆம் பிரிவில் வரவில்லை. ஒப்பந்தத்தில் நிறுவனம் ஏற்றிருந்தால் ஒழிய பணியாளரின் கையைக் கடிக்கும். மருத்துவக் காப்பீடு இல்லாமலும் இக்காமா புதுப்பிக்க முடியாது, ஆனால் பணியாளருக்கான அந்தக் காப்பீடு முதலாளியின் செலவு.

இத்தனையும் தெரிந்த பிறகு அந்தக் கடிதத்தைத் திரும்ப எழுதினேன். நிர்வாக மேலாளர் முகம் சுளித்தார், சட்டப் பிரிவைக் காட்டியதும் கையெழுத்திட்டார். கடிதத்தின் உடல் இப்படி அமைந்தது:

‘தங்கள் இக்காமா (வதிவிட அனுமதி) அடுத்த மாதம் 14ஆம் தேதி முடிகிறது. அதையும் தங்கள் பணி அனுமதியையும் ஓராண்டுக்கு நிறுவனமே புதுப்பிக்கும். இரண்டின் கட்டணமும் அரசு வரியும் மருத்துவக் காப்பீடும் நிறுவனத்தின் செலவு, தங்கள் சம்பளத்தில் எதுவும் பிடிக்கப்படாது. தங்கள் கடவுச்சீட்டு செல்லுபடியாகிறதா என்று பார்த்து, புதிதாக எடுத்திருந்தால் அதன் பிரதியை விவர மாற்றத்துக்காக இம்மாதம் 25ஆம் தேதிக்குள் தரவும். மூலக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டாம். தங்கள் பெயரில் போக்குவரத்து அபராதம் இருந்தால் அதே தேதிக்குள் கட்டிவிடவும்.’

கடைசி வரியில் ஒரு சொல்லை மாற்றினேன். பழைய கடிதத்தின் அடியில் கையெழுத்துக்கு மேலே ‘சம்மதிக்கிறேன்’ என்று அச்சாகியிருந்தது. வேலையில் இருக்கும்போதே பணியாளர் தன் சட்ட உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித்தரும் தாள் செல்லாது என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் தொழிலாளர் அலுவலகத்தில் போய் நிற்கும்போது அப்படி ஒரு கையெழுத்து அவருக்கு எதிராக நீட்டப்படும். அதனால் அந்த இடத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று போட்டேன். அந்தத் தம்பி எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்துவிட்டு, அதன் கீழே தமிழில் கையெழுத்திட்டார்.