ஜாவெல் போத்தலில் படம் சொல்வதும் சொல்லாததும்

பிரான்ஸில் ஜாவெல் நீர் என்ற வெளுப்புத் திரவம் முக்கியமாக இரண்டு செறிவில் விற்பனைக்கு வருகிறது. ஒன்று, வாங்கியபடியே பயன்படுத்தும் பெரிய போத்தல். அதில் செயற்படு குளோரின் 2.6 சதவீதம். மற்றது, தண்ணீர் கலந்து பயன்படுத்த வேண்டிய கால் லீட்டர் சிறு போத்தல். அதில் 9.6 சதவீதம். இரண்டிலும் உள்ள பொருள் ஒன்றுதான், சோடியம் ஹைபோகுளோரைட். பாரிஸில் மெட்ரோ ஏறுபவர்களுக்கு ஜாவெல் என்ற நிறுத்தத்தின் பெயர் தெரிந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வெளுப்பு நீரைத் தயாரித்த இடம் அதுதான்.

பொருள் ஒன்றாக இருந்தும் லேபிள்கள் இரண்டும் வேறு. பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத அம்மாவோ மாமியாரோ போத்தலைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, “இதை வெறுங்கையால தொடலாமா?” என்று கேட்டால், பதில் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பெரிய போத்தலின் பின்பக்கத்தைப் பார்ப்போம். சிவப்புக் கோட்டால் ஆன, முனையில் நிற்கும் சதுரங்கள் இரண்டு இருக்கும். ஒன்றுக்குள் தடித்த ஆச்சரியக்குறி. மற்றதற்குள் பட்ட மரமும் வயிறு மேலே திரும்பிய மீனும். பக்கத்தில் ‘அத்தான்சியோன்’ என்ற ஒற்றைச் சொல். எச்சரிக்கை என்று பொருள். சிறு போத்தலிலும் மரமும் மீனும் உண்டு. ஆனால் ஆச்சரியக்குறியின் இடத்தில் வேறு படம் இருக்கும்: சாய்ந்த இரண்டு சோதனைக் குழாய்கள், ஒன்றிலிருந்து சொட்டும் திரவம் ஓர் உலோகத் தகட்டை அரிக்கிறது, மற்றதிலிருந்து சொட்டுவது ஒரு கையை அரிக்கிறது. சொல்லும் மாறி, ‘டான்ஜே’, அதாவது அபாயம், என்று இருக்கும்.

இந்த மாற்றத்தை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு 1272ஆம் இலக்க ஒழுங்குவிதி, சிஎல்பி என்று சுருக்கமாகச் சொல்வது, கலவைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறது. தோலை அரிக்கும் பொருள் ஒன்று கலவையில் 5 சதவீதத்தை எட்டினால், பொது விதிப்படி முழுக் கலவையும் தோலை அரிப்பது என்றே கொள்ளப்படும். 1க்கும் 5க்கும் இடையில் என்றால் எரிச்சல் தருவது. கண்ணுக்கு விதி இன்னும் இறுக்கம். அங்கே 3 சதவீதத்திலேயே ‘கடும் கண் பாதிப்பு’ தொடங்கிவிடும். 1க்கும் 3க்கும் இடையில்தான் வெறும் எரிச்சல்.

இப்போது ஜாவெலைப் பொருத்திப் பாருங்கள். 2.6 சதவீதம் என்பது தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல் வரம்புக்குள் விழுகிறது. ஆகவே ஆச்சரியக்குறி, ‘எச்சரிக்கை’. 9.6 சதவீதம் இரண்டு வரம்புகளையும் தாண்டிவிடுகிறது. ஆகவே அரிக்கும் படம், ‘அபாயம்’. இடையில் 4 சதவீதம் என்று ஒரு போத்தல் வந்தால் நிலைமை சுவாரசியமாகிவிடும். தோலுக்கு எரிச்சல்தான், ஆனால் கண்ணுக்குக் கடும் பாதிப்பு. அதனால் அரிக்கும் படமும் ‘அபாயம்’ என்ற சொல்லும் வரும். கண்ணைப் பற்றிய அந்தச் செய்தியைச் சொல்லவும் கையை அரிக்கும் அதே படம்தான். காரத்தன்மையையும் சோதனை முடிவுகளையும் வைத்துத் தயாரிப்பாளர் இதைவிடக் கடுமையான வகையில் சேர்ப்பதும் உண்டு. எனவே சதவீதத்தை வைத்து நாமாகத் தீர்மானிக்காமல், கையில் உள்ள போத்தலில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படம் மட்டும் போதாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம். அரிக்கும் படம் மூன்று வெவ்வேறு செய்திகளுக்குப் பொது: உலோகத்தை அரிக்கலாம், தோலைச் சுடும், கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும். இவற்றில் எது என்பதைப் படத்துக்கு அருகே சிறிய எழுத்தில் உள்ள வாக்கியம்தான் சொல்லும். ‘தோலில் கடும் தீப்புண்ணும் கண் பாதிப்பும் ஏற்படுத்தும்’ என்று இருந்தால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது. சமையலறைக் குழாய் அடைப்பு நீக்கும் சோடியம் ஹைட்ரொக்சைட் மணிகளிலும் இதே படமும் இதே சொல்லும்தான் இருக்கும், ஆனால் அது தோலில் செய்யும் வேலை மிக வேகமானது. சின்னத்துக்குள் கூடுதல் குறைவு காட்டும் அளவுகோல் கிடையாது.

சின்னங்களின் எண்ணிக்கையை வைத்தும் எடைபோட முடியாது. அரிக்கும் படம் வந்துவிட்டால், தோல் அல்லது கண் எரிச்சலுக்கான ஆச்சரியக்குறியைப் போடக் கூடாது என்பது விதி. பெரியது சிறியதை விழுங்கிவிடும். சொல்லுக்கும் அப்படித்தான். ‘அபாயம்’ இருந்தால் ‘எச்சரிக்கை’ இருக்காது, லேபிளுக்கு ஒரே ஒரு சமிக்ஞைச் சொல்.

ஆனால் ஜாவெல் லேபிளைப் படம் பிடிக்கும்போது இந்த விதி ஏமாற்றும். 1 சதவீதத்துக்கு மேல் செயற்படு குளோரின் உள்ள எந்தக் கலவையைப் பொதுமக்களுக்கு விற்றாலும் ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் அச்சிட வேண்டும்: ‘எச்சரிக்கை! வேறு பொருட்களுடன் சேர்த்துப் பயன்படுத்த வேண்டாம். அபாயகரமான வாயு (குளோரின்) வெளிவரலாம்.’ பிரெஞ்சில் இது ‘அத்தான்சியோன்!’ என்றே தொடங்கும். அபாயம் என்ற சமிக்ஞைச் சொல் உள்ள சிறு போத்தலிலும் இந்த வாக்கியம் இருக்கும். படத்தில் லேபிளின் கீழ்ப்பாதி மட்டும் விழுந்திருந்தால், வாசிப்பவர் கண்ணில் படுவது அத்தான்சியோன் மட்டுமே. ‘அவ்வளவு மோசமில்லை, எச்சரிக்கைதான்’ என்று பதில் போய்விடும். சமிக்ஞைச் சொல் தனியாக, சிவப்புச் சதுரங்களை ஒட்டி நிற்கும். பின்னால் வாக்கியம் தொடர்ந்தால் அது சமிக்ஞைச் சொல் அல்ல. இரண்டு சொற்களும் கண்ணில் பட்டால், அபாயம்தான் அந்தப் போத்தலின் தரம்.

உண்மையில் இந்த லேபிளில் மிக முக்கியமான செய்தி அந்த வாக்கியம்தான், அதற்கென்று ஒரு சிவப்புச் சதுரம் இல்லை. கழிவறைப் பீங்கானில் படிந்த சுண்ணாம்புக் கறையை எடுக்க அமில ஜெல் ஊற்றுகிறார்கள், பிறகு ‘கிருமியும் போகட்டும்’ என்று அதன் மேலேயே ஜாவெல். அமிலம் பட்டதும் ஹைபோகுளோரைட் சிதைந்து குளோரின் வாயுவைக் கக்குகிறது:

NaOCl + 2HCl → NaCl + H₂O + Cl₂

வினாகிரியும் அமிலம்தான், அதற்கும் இதே கதை. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் என்றால் குளோரமின் என்ற வேறு நச்சு வாயு வரும். ஜன்னல் இல்லாத சிறிய கழிவறையில் இது இருமலோடு நிற்பதில்லை, நுரையீரல் வரை பாதிக்கும். அப்படியானால் நச்சு வாயுவுக்குரிய மண்டையோட்டுப் படம் ஏன் போத்தலில் இல்லை? லேபிள் பேசுவது போத்தலுக்குள் இருக்கும் பொருளைப் பற்றி, அது தனியாக இருக்கும் நிலையில். போத்தலுக்குள் குளோரின் வாயு நிரப்பப்படவில்லை, ஆகவே மண்டையோடும் இல்லை. அமில ஜெல் போத்தலுக்கும் அதே நியாயம். இரண்டு லேபிள்களையும் அருகருகே வைத்துச் சின்னங்களை மட்டும் பார்த்தால் வாயுவின் சாயலே தெரியாது. துப்புரவுப் பொருள் நிறுவனங்கள் தாமாக அச்சிடும் ‘கலக்காதே’ போன்ற சிறு படங்கள் சில போத்தல்களில் இருக்கும். சிவப்புச் சாய்சதுரச் சட்டம் அவற்றுக்குக் கிடையாது, அவை ஆபத்துச் சின்னங்களின் வரிசையிலும் சேராது.

லேபிள் போத்தலுக்குள் இருப்பதைப் பற்றி மட்டுமே பேசும் என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. சிறு போத்தலின் 250 மில்லிலீட்டரை 750 மில்லிலீட்டர் குளிர்ந்த நீரில் கலந்தால் ஏறத்தாழ 2.6 சதவீதத்தில் ஒரு லீட்டர் கிடைக்கும். அதாவது ‘அபாயம்’ என்று வாங்கியது ‘எச்சரிக்கை’ ஆகிவிட்டது. ஆனால் கலந்ததை ஊற்றி வைத்த போத்தலில் எது எழுதியிருக்கிறது? பழைய ஜாவெல் போத்தலாக இருந்தால் சரி. தண்ணீர்ப் போத்தலாக இருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பிப் பயனில்லை, முதலில் அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. பிள்ளைகள் அதைத் தண்ணீர் என்றே எடுப்பார்கள்.

இனிப் படம் எடுக்கும் வேலை. 3 லீட்டருக்கு உட்பட்ட போத்தலில் சின்னம் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை சிறியதாக இருக்க விதி அனுமதிக்கிறது. அதுவும் வளைந்த, பளபளக்கும் பரப்பில். போத்தலை முழுதாக எடுத்த ஒரு படத்தில் அந்தச் சின்னம் கரும்புள்ளியாகத்தான் தெரியும். கலங்கிய படத்தில்கூட ஆச்சரியக்குறிக்கு இருபுறமும் வெள்ளை இடம் நிறைய இருக்கும். அரிக்கும் படத்தில் கறுப்பு நெருக்கமாக, குறுக்கே படுத்திருக்கும். இந்த ஊகத்தை நம்பிக் கையுறையைக் கழற்றச் சொல்லக் கூடாது, இன்னொரு படம் கேட்க வேண்டும். பிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், போத்தலைச் சற்றுச் சற்றாகத் திருப்பி ஒன்றோடொன்று மேவும்படி மூன்று படங்கள் எடுத்தால் வாக்கியங்கள் அறுபடாது. லேபிளின் ஓரம் புத்தகம் போல் பிரியும் வகையாக இருந்தால் உள்பக்கமும் வேண்டும். செம்மஞ்சள் சதுரத்தில் கறுப்புப் படம் தெரிந்தால் அது பழைய முறை. கலவைகளுக்குப் புதிய முறை கட்டாயமானது 2015 ஜூன் 1 முதல். அவ்வளவு பழைய ஜாவெலில் வீரியமும் மிஞ்சியிருக்காது.

படத்தில் வராத ஒன்றும் இருக்கிறது. தோலை அரிக்கும் வகையைச் சேர்ந்த போத்தல்களில், பார்வையற்றோர் தடவி அறிய ஒரு சிறு முக்கோணம் புடைத்திருக்க வேண்டும், மூடியும் பிள்ளைகள் திறக்க முடியாத வகையாக இருக்க வேண்டும். படம் எவ்வளவு முயன்றும் தெளியாவிட்டால், விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். முக்கோணம் தட்டுப்பட்டால் கடுமையான பொருள் என்றே எடுத்துக்கொள்ளலாம். தட்டுப்படாததால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கண்ணில் பட்டுவிட்டால் படம் எடுக்க நேரமில்லை. இளஞ்சூடான அல்லது சாதாரண நீரை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தாமல் பல நிமிடங்கள், கால் மணி நேரம் வரை கழுவ வேண்டும். கொன்டாக்ட் லென்ஸ் எளிதாகக் கழன்றால் கழற்றிவிட்டுத் தொடர வேண்டும். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்க வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அரிக்கும் திரவம் மேலே வரும்போது உணவுக்குழாயை இரண்டாம் முறை சுடும். வாயுவைச் சுவாசித்தவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும், போத்தலை மூட என்று திரும்பி உள்ளே போகக் கூடாது. பிரான்ஸில் 15, ஐரோப்பாவில் எங்கும் 112. அழைக்கும்போது போத்தல் கையில் இருந்தால், லேபிளில் UFI: என்று தொடங்கும் 16 எழுத்து இலக்கக் குறியீட்டை வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கலவையில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்ற விவரத்தைத் தயாரிப்பாளர் அந்தக் குறியீட்டோடுதான் நஞ்சுத் தகவல் மையங்களுக்காகப் பதிவு செய்திருப்பார்.