பட்டதாரிக்கு சி.எஸ். படிப்பு: நிலைகளும் காலமும், சி.ஏ., சி.எம்.ஏ. படிப்புகளிலிருந்து அது விலகும் இடமும்

சென்ற மாதம் ஒரு தந்தையும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். மகள் பி.காம். முடித்து 53 விழுக்காடு பெற்றிருந்தார். "மேடம், சி.ஏ. ரொம்பக் கஷ்டம், சி.எஸ். அதைவிட ஈஸி என்று எல்லோரும் சொல்கிறார்கள், சேர்த்துவிடலாமா?" என்று தந்தை கேட்டார். சி.எஸ். முடித்து நிறுவனச் செயலராகத் தனித்தொழில் செய்யும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எளிது, கடினம் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. எந்தத் தாளில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் செல்லும் என்று சட்டம் சொல்கிறது, அந்தத் தாள் தேவைப்படும் நிறுவனங்கள் எத்தனை, அந்த வேலை உங்கள் மனத்துக்கு ஒத்துவருமா என்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவருக்குச் சொன்ன எடுத்துக்காட்டையே இங்கும் சொல்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு பொது வரையறை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஆண்டு விற்றுமுதல் 30 கோடி ரூபாய். இயக்குநர்கள் மூவர், அவர்களில் இருவர் அண்ணன் தம்பி. சகோதரர்கள் இருவருக்கும் சொந்தமான ஒரு கிடங்கை நிறுவனம் மாதம் 2 லட்சம் ரூபாய் வாடகைக்கு எடுக்க விரும்புகிறது.

இந்த ஒரே ஒப்பந்தத்தை ஒவ்வொரு படிப்பும் ஒவ்வொரு கோணத்தில் பார்க்கும். ஆண்டு வாடகையான 24 லட்சம் கணக்கில் சரியாக ஏறியிருக்கிறதா, டிடிஎஸ் பிடித்துக் கட்டப்பட்டதா, தொடர்புடையவர்களுடன் நடந்த பரிவர்த்தனை என்று நிதிநிலை அறிக்கையில் வெளிப்படுத்தப்பட்டதா என்று சி.ஏ. முடித்த பட்டயக் கணக்கர் பார்ப்பார். அந்த வாடகையால் ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு செலவு கூடுகிறது, அந்தச் செலவை எந்தப் பொருளின் மீது ஏற்றுவது என்று சி.எம்.ஏ. முடித்த செலவுக் கணக்கர் கணக்கிடுவார். சி.எஃப்.ஏ. முடித்த ஆய்வாளர் இந்த நிறுவனத்தில் முதலீடு செய்யலாமா என்று பார்ப்பவர். உரிமையாளர் குடும்பத்துக்குப் பணம் இப்படிப் போகுமானால் பங்கின் மதிப்பு என்ன என்பதே அவருடைய கேள்வி.

நிறுவனச் செயலர் கேட்பது வேறு. இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 188ஆம் பிரிவின்படி, சந்தை விலையில் வழக்கமான வணிகப் போக்கில் நடக்கும் ஒப்பந்தம் என்று காட்ட முடியாவிட்டால், இதற்கு இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் கூட்டத்தில்தான் தரப்பட வேண்டுமே தவிர, தீர்மானத்தைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கினால் செல்லாது. வாடகை விற்றுமுதலில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 3 கோடியை எட்டினால் பங்குதாரர்களிடமும் போக வேண்டும். 24 லட்சம் அதற்கு வெகு கீழே இருப்பதால் இயக்குநர் குழு போதும் என்று தோன்றும்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. ஒப்பந்தத்தில் தனக்கு நலன் உள்ள இயக்குநர் அந்தப் பொருளுக்கு வாக்களிக்கவும் முடியாது, கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையான குறைவெண்ணில் அவரைச் சேர்க்கவும் முடியாது. மூவரில் இருவர் அப்படி விலகினால் எஞ்சுவது ஒருவர். நலன் இல்லாதவர்கள் குறைந்தது இருவராவது இருந்தால்தான் குறைவெண் நிறையும் என்று 174ஆம் பிரிவு சொல்வதால், இந்தக் குழு கூடினாலும் இந்த முடிவை எடுக்க முடியாது. தொடர்பில்லாத ஒருவரைக் கூடுதல் இயக்குநராக நியமித்துவிட்டுக் கூட வேண்டும், அல்லது பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதைக் கவனிக்காமல் மூவரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டால், மூன்று மாதத்துக்குள் பின்னேற்பு பெறாத அந்த ஒப்பந்தம் இரத்தாகும் நிலைக்கு வந்துவிடும். இந்த எடுத்துக்காட்டில் கணக்குப் போடும் வேலை மிகக் குறைவு என்பதையும், வாசிப்பும் சொல்நுட்பமும்தான் அதிகம் என்பதையும் கவனியுங்கள். இதைப் படித்தபோது ஆர்வம் வந்ததா, சலிப்பு வந்ததா என்பதை உங்களிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நிலைகள். இந்திய நிறுவனச் செயலர்கள் கழகம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பிளஸ் டூ முடித்து வருபவர்கள் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பில் 50 விழுக்காடு பெற்றவர்களும், மதிப்பெண் வரம்பின்றி முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் விலக்குக் கட்டணம் செலுத்தி நேராக எக்ஸிகியூட்டிவ் நிலையில் சேரலாம். பி.ஏ. தமிழோ பி.எஸ்ஸி. இயற்பியலோ தடையில்லை. எக்ஸிகியூட்டிவ், புரொஃபஷனல் ஆகிய இரண்டு நிலைகளிலும் தலா இரண்டு குரூப்கள், ஏழு தாள்கள் உண்டு. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. இடையில் 21 மாதச் செய்முறைப் பயிற்சி இருக்கிறது.

தேர்ச்சி விதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் 50 விழுக்காடு என்ற இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேற வேண்டும். நான்கு தாள்கள் கொண்ட முதல் குரூப்பில் ஒருவர் 45, 62, 41, 44 எடுத்தார் என்றால் கூட்டுத்தொகை 192. எந்தத் தாளிலும் தோற்கவில்லை. ஆனால் 200க்கு 8 குறைவதால் அந்தக் குரூப் போய்விடும். 60க்கு மேல் எடுத்த அந்த ஒரு தாளை மட்டும் மீண்டும் எழுதுவதிலிருந்து விலக்கு கிடைக்கும். "எல்லாவற்றிலும் பாஸ் மார்க் வந்தால் போதும்" என்று கல்லூரித் தேர்வுக்குப் படித்த பழக்கம் இங்கே உதவாது என்பதற்காகவே இதை எண்களோடு சொல்கிறேன்.

அந்த மாணவிக்கான காலக் கணக்கைத் தாளில் எழுதியே காட்டினேன். எக்ஸிகியூட்டிவின் இரண்டு குரூப்பையும் ஜூனில் எழுத வேண்டுமானால் முந்தைய நவம்பர் முடிவதற்குள் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகஸ்ட் இறுதியில் முடிவு வந்து, தொடக்க வகுப்புகளை முடித்து அக்டோபரில் பயிற்சியில் சேர்ந்தால், 21 மாதம் கழித்து, அடுத்த ஆண்டையும் தாண்டிய ஜூனில் பயிற்சி முடியும். அதற்கிடையே புரொஃபஷனல் தேர்வையும் எழுதித் தேறிவிட்டால், பட்டம் பெற்ற நாளிலிருந்து ஏறத்தாழ மூன்றேகால் ஆண்டில் உறுப்பினராகலாம். ஒரு குரூப் தவறினாலும் ஆறு மாதம் கூடும்.

அதே 53 விழுக்காட்டுடன் சி.ஏ. படிக்க நினைத்தால், வணிகவியல் பட்டதாரிக்கான நேரடிச் சேர்க்கைக்கு 55 தேவைப்படுவதால், அவர் ஃபவுண்டேஷனிலிருந்து தொடங்க வேண்டும். பிற துறையினருக்கு இந்த வரம்பு 60. அதன்பின் எட்டு மாதப் படிப்புக்காலமும் இன்டர் தேர்வும், இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியும், ஆறு மாதம் கழித்து ஃபைனலும் என்று எண்ணினால் ஏறத்தாழ நான்கு ஆண்டு ஆகும். சி.எம்.ஏ.வில் பட்டதாரி நேராக இன்டரில் சேரலாம். இரண்டு நிலைகளிலும் எட்டெட்டுத் தாள்கள், பயிற்சி 15 மாதம். சி.எஃப்.ஏ. அமெரிக்கக் கழகம் ஒன்று நடத்தும் மூன்று நிலைத் தேர்வு. கட்டணம் டாலரில், பட்டயம் பெற 4,000 மணி நேரத் தொடர்புடைய பணி அனுபவம் வேண்டும். இந்தியச் சட்டம் அதற்கென்று எந்தக் கையெழுத்து உரிமையையும் ஒதுக்கவில்லை.

கால வேறுபாடு முக்கால் ஆண்டுதான். ஆகவே அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தேவையின் அளவில் இருக்கும் வேறுபாடு அதைவிடப் பெரியது. எவ்வளவு சிறிய நிறுவனமாக இருந்தாலும் அதன் கணக்கைத் தணிக்கை செய்யப் பட்டயக் கணக்கர் வேண்டும். முழுநேர நிறுவனச் செயலர் கட்டாயமாவது பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும், செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் 10 கோடி ரூபாயை எட்டிய மற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே. தனியார் நிறுவனங்களுக்கு 5 கோடியாக இருந்த வரம்பு 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து 10 கோடியாக உயர்ந்தது. எங்கள் கொங்குப் பகுதியில் நல்ல விற்றுமுதல் உள்ள பல குடும்ப நிறுவனங்களின் பங்கு மூலதனம் ஒரு கோடியைக்கூடத் தொடாது; பணம் கடனாகவும் இருப்பாகவும் இருக்கும். அவர்களுக்கு முழுநேரச் செயலர் கட்டாயமில்லை. ஆகவே வேலையென்றால் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, மும்பை என்று போக நேரும். சொந்த ஊரைவிட்டு நகர முடியாத சூழல் உள்ளவர்கள் இதைச் சேர்வதற்கு முன்பே எடைபோட வேண்டும்.

தனித்தொழில் செய்பவருக்கு வேறு வாசல்கள் உண்டு. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும், 50 கோடி மூலதனம் அல்லது 250 கோடி விற்றுமுதல் கொண்ட பொது நிறுவனங்களுக்கும், சட்ட விதிகள் பின்பற்றப்பட்டனவா என்று பார்க்கும் செயலகத் தணிக்கை கட்டாயம். அந்த அறிக்கையில் நிறுவனச் செயலர் மட்டுமே கையெழுத்திட முடியும். ஆனால் அந்த அளவு வாடிக்கையாளர்கள் புதிதாகத் தொழில் தொடங்கியவரைத் தேடி வருவதில்லை. எனக்கு முதல் செயலகத் தணிக்கை கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

கடைசியாகப் பயிற்சியைப் பற்றி, ஏனெனில் அதிகம் வீணாவது அந்த 21 மாதம்தான். ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் செப்டம்பர் 30க்குள் முடிகின்றன. அதிலிருந்து 30 நாளில் நிதிநிலை அறிக்கையும், 60 நாளில் ஆண்டு விவர அறிக்கையும் பதிவாளரிடம் போக வேண்டும். ஜூலை முதல் நவம்பர் வரைதான் எங்களுக்கு அறுவடைக் காலம். அக்டோபரில் சேர்பவருக்கு 21 மாதத்தில் ஒரே ஒரு முழுப் பருவம்தான் கிடைக்கும். டிசம்பர் தேர்வில் தேறி ஏப்ரலில் சேர்பவருக்கு இரண்டு கிடைக்கும். இதற்காகத் தேர்வைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. அக்டோபரில் சேர்வதாக இருந்தால், ஒரே நிறுவனத்தைவிடப் பல நிறுவனங்களின் வேலை வரும் தனித்தொழில் அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள், அந்த ஒரு பருவத்திலேயே முப்பது பொதுக்கூட்டங்களின் தாள்களைப் பார்த்துவிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

நான் பயிற்சி பெற்ற முதல் இடத்தில் நான்கு மாதம் படிவங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியது தவிர வேறெதுவும் செய்யவில்லை. பிறகு மாறிச் சென்ற அலுவலகத்தில், இயக்குநர் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதித் தரச் சொன்னார்கள். வரைவு 15 நாளுக்குள் இயக்குநர்களுக்குப் போக வேண்டும், அவர்கள் 7 நாளில் கருத்துச் சொல்லலாம், 30 நாளுக்குள் பக்க எண் இட்ட குறிப்பேட்டில் ஏற வேண்டும். யார் யார் இருந்தார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்த நான், ஐந்தாவது பொருளின்போது ஒருவர் வெளியே சென்றதை எழுதவில்லை. என் மூத்தவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு, "இவர் இருந்தாரா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நேர்காணலுக்குப் போகும்போது, வரைவுக் குறிப்பை எழுதத் தருவீர்களா, அதைத் திருத்துபவர் யார் என்ற இரண்டு கேள்விகளையாவது கேளுங்கள்.

அந்த மாணவியிடம் 174, 184, 188 ஆகிய மூன்று பிரிவுகளின் நகலைக் கொடுத்து, கிடங்கு விவகாரத்தில் இயக்குநர்கள் நால்வராக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினார். நலன் இல்லாத இருவர் இருப்பதால் குறைவெண் நிறையும் என்பது சரியாக இருந்தது. அந்த இருவரும் தவறாமல் நேரில் வந்தாக வேண்டும், அல்லது காணொளியில் இணைந்தாக வேண்டும் என்பதையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே குறித்திருந்தார். நவம்பருக்குள் பதிவு செய்துவிடுங்கள் என்று அவருடைய தந்தைக்குப் பதில் அனுப்பினேன்.