கடிகாரமா, கலோரியா? இடைவெளி விரதத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள்

இடைவெளி விரதம் இருந்தால் எடை குறையுமா என்று கேட்டால், குறையும் என்றே பதில் சொல்ல வேண்டும். நாளில் சில மணி நேரமோ வாரத்தில் சில நாள்களோ உணவைத் தவிர்க்கும் அல்லது வெகுவாகக் குறைக்கும், ‘இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்’ என்ற பெயரில் புழங்கும் முறைகளில் பெரும்பாலானவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் சில கிலோவாவது இழந்திருக்கிறார்கள். விவாதத்துக்கு உரிய கேள்வி வேறு. மொத்தக் கலோரியை அதே அளவு குறைத்து, ஆனால் நாள்தோறும் வழக்கமான நேரங்களில் சாப்பிடுகிறவரைவிட, விரதம் இருப்பவர் கூடுதலாக இழக்கிறாரா என்பதே அந்தக் கேள்வி. விரதம் இருந்த ஒரு குழுவை எந்த மாற்றமும் செய்யாத குழுவோடு ஒப்பிட்டுவிட்டு, அந்த முடிவை இரண்டாவது கேள்விக்கும் விடையாகக் காட்டுவது பரவலாக நடக்கிறது. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

விரதத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு என்று சொல்பவர்கள் இன்சுலினைச் சுட்டிக்காட்டுவார்கள். சாப்பிட்டவுடன் இன்சுலின் உயர்கிறது; அது உயர்ந்திருக்கும் வரை கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளியேறுவது மட்டுப்படுகிறது. உணவில்லாத நேரம் நீள நீள, இன்சுலின் தணிந்து, கல்லீரலில் கிளைகோஜனாகச் சேமித்த சர்க்கரை இருப்பும் குறைந்து, உடல் கொழுப்பை அதிகமாக எரிக்கத் தொடங்குகிறது. இதுவரை எல்லாம் உண்மை. விடுபட்டுப் போவது அடுத்த கட்டம்: விரதம் முடிந்து சாப்பிடும்போது, அந்த உணவு உடனே எரிபொருளாகிறது, மிஞ்சுவது மீண்டும் சேமிப்புக்குப் போகிறது. பதினாறு மணி நேரத்தில் எடுத்த கொழுப்பை எட்டு மணி நேரத்தில் திருப்பி வைத்துவிட முடியும். ஆகவே ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொழுப்பு எரிந்தது என்பதைவிட, சில நாள்களின் முடிவில் உள்ளே வந்ததற்கும் செலவானதற்கும் இடையே எவ்வளவு பற்றாக்குறை நின்றது என்பதே உடலில் உள்ள கொழுப்பின் அளவைத் தீர்மானிக்கிறது.

முதல் வாரத்தில் எடைத் தராசு காட்டும் பெரிய சரிவு இந்த விவாதத்தை இன்னும் குழப்பிவிடுகிறது. தசையிலும் கல்லீரலிலுமாகச் சேர்ந்து ஏறத்தாழ அரை கிலோ கிளைகோஜன் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். உணவு குறைந்ததும் இந்த இருப்பில் ஒரு பகுதி கரைந்து, கூடவே நீரும் வெளியேறுவதால், கொழுப்பு அதிகம் குறையாமலேயே ஒரு கிலோவுக்கு மேல் இறங்கிவிடலாம். நான்கு நாள் விரதம் இருந்துவிட்டு ‘என்ன வேகம்!’ என்று வியப்பவர்கள் பெரும்பாலும் வியப்பது நீரைத்தான்.

இரண்டு முறைகளையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால், பங்கேற்பாளர்களைச் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து, இரு தரப்புக்கும் ஒரே அளவு பற்றாக்குறையைக் கொடுக்க வேண்டும். சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டா வாரடியின் குழு செய்து 2017இல் வெளியிட்ட சோதனை அப்படி அமைந்தது. நூறு பேரில் ஒரு பகுதியினருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் விரதம்: விரத நாளில் தேவையான கலோரியில் 25 சதவீதம், மறுநாள் 125 சதவீதம். இன்னொரு பகுதியினருக்கு நாள்தோறும் 75 சதவீதம். மூன்றாவது குழு எதையும் மாற்றவில்லை. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவரை எடுத்துக்கொண்டால், விரத முறையில் ஒருநாள் 500, மறுநாள் 2,500. இரண்டு நாள்களின் சராசரி 1,500. நாள்தோறும் குறைத்துச் சாப்பிடுகிறவருக்கும் அதே 1,500. மாறுவது பங்கீடு மட்டும்தான்.

ஆறு மாதங்களில், எதையும் மாற்றாத குழுவோடு ஒப்பிடுகையில், இரு தரப்பும் உடல் எடையில் 6.8 சதவீதம் இழந்திருந்தன. ஓராண்டு முடிவில் விரதக் குழுவின் இழப்பு 6.0 சதவீதம், மற்றதன் இழப்பு 5.3 சதவீதம், இந்தச் சிறு வேறுபாடு தற்செயலின் எல்லைக்குள்ளேயே அடங்கியது. இந்த எண்களைவிட எனக்குச் சுவையாகப் பட்டது பங்கேற்பாளர்களின் நடத்தை. விரதக் குழுவினர் விரத நாளில் அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் அனுமதிக்கப்பட்டதைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். யாரும் சொல்லாமலேயே, மேடும் பள்ளமுமாக வகுக்கப்பட்ட திட்டம் நாள்தோறும் கொஞ்சம் குறைக்கும் திட்டத்தை நோக்கிச் சரிந்தது. விரதக் குழுவில் 38 சதவீதத்தினரும், நாள்தோறும் குறைத்த குழுவில் 29 சதவீதத்தினரும் இடையிலேயே விலகினார்கள்.

என்ன சாப்பிட்டார்கள் என்பதை அவரவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது இத்தகைய சோதனைகளின் பலவீனம். அதை நீக்குவதற்கு ஒரே வழி, உணவை ஆய்வாளர்களே சமைத்துக் கொடுப்பது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் குழு உடல் பருமனும் ரத்தச் சர்க்கரைப் பிரச்சினையும் உள்ள 41 பேருக்கு 12 வாரங்கள் அப்படிக் கொடுத்து, 2024இல் முடிவை வெளியிட்டது. ஒரு குழு பத்து மணி நேரச் சாப்பாட்டுச் சாளரத்துக்குள், பெரும்பங்கு கலோரியை மதியம் ஒரு மணிக்கு முன்பே சாப்பிட்டது. மற்றது வழக்கம் போல நள்ளிரவு வரைகூடச் சாப்பிடலாம். பாதிக் கலோரியாவது மாலை ஐந்து மணிக்குப் பிறகு போக வேண்டும். உணவின் கலோரியும் சத்துகளும் இரு தரப்புக்கும் ஒன்றே. நேரத்தைச் சுருக்கிய குழு 2.3 கிலோ இழந்தது. இரவில் சாப்பிட்ட குழு 2.6 கிலோ இழந்தது. ரத்தச் சர்க்கரையிலும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சிறிய சோதனை, குறுகிய காலம் என்ற குறைகள் இதற்கு உண்டு. ஆயினும் கலோரியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் நகர்த்திப் பார்த்த சோதனை என்பதால், கடிகாரத்துக்கு மட்டுமே உரிய பெரிய எடைக் குறைப்பு விளைவு இருந்திருந்தால் இதில் தலைகாட்டியிருக்க வேண்டும்.

சீனாவின் குவாங்சோ நகரில் நடந்து 2022இல் வெளியான சோதனையை விரதத்தை ஆதரிப்பவர்களும் மறுப்பவர்களும் மேற்கோள் காட்டுவதால், அதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். உடல் பருமன் உள்ள 139 பேருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு: ஆண்களுக்கு 1,500 முதல் 1,800, பெண்களுக்கு 1,200 முதல் 1,500. பாதிப்பேர் கூடுதலாகக் காலை எட்டு முதல் மாலை நான்கு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஓராண்டில் நேரக் கட்டுப்பாடும் இருந்த குழு 8.0 கிலோவும் மற்றது 6.3 கிலோவும் இழந்தன. ‘விரதத்தால் கூடுதலாக 1.8 கிலோ’ என்று தலைப்பிட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இந்த வேறுபாட்டின் உண்மையான அளவு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, விரதக் குழுவுக்குச் சாதகமாக 4.0 கிலோவில் தொடங்கி, மற்றக் குழுவுக்குச் சாதகமாக 0.4 கிலோ வரை நீள்கிறது. அதாவது, உண்மையான வேறுபாடு பூஜ்யமாக இருந்தாலும் இத்தகைய எண் கிடைத்திருக்கக்கூடும். விரதம் பயனற்றது என்று இந்தச் சோதனை நிரூபித்துவிட்டதாகச் சொல்வதும் அதே அளவுக்குத் தவறு. ஓரிரு கிலோ கூடுதல் பயன் இருக்கும் வாய்ப்பை அது மறுக்கவில்லை.

அப்படியானால் கலோரியை எண்ணாமல் வெறும் நேரக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்தால் என்ன ஆகும்? வாரடியின் குழு 2023இல் வெளியிட்ட சோதனையில், மதியம் 12 முதல் இரவு 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒரு குழுவுக்குச் சொல்லப்பட்டது. எண்ணாமலேயே அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 425 கலோரி குறைத்திருந்தார்கள். எண்ணி எண்ணிச் சாப்பிட்ட குழுவின் குறைப்பு சுமார் 405. எடை இழப்பும் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இடைவெளி விரதத்தின் மெய்யான பலத்தை நான் இங்கேதான் காண்கிறேன். சாப்பிடும் வாய்ப்புகள் குறைந்ததால் சாப்பாடு குறைந்தது. ஒவ்வொரு கவளத்தையும் பதிவு செய்யும் சலிப்பு இல்லாமலேயே பற்றாக்குறை உருவானது.

இதே தர்க்கம்தான் விரதம் வென்ற ஒரு சோதனையையும் விளக்குகிறது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 165 பேரை வைத்து நடத்தி 2025இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழு வாரத்தில் தொடர்ச்சியாக வராத மூன்று நாள்களில் 80 சதவீதக் கலோரியைக் குறைத்தது. மீதி நான்கு நாள்களில் எண்ணத் தேவையில்லை. மற்றக் குழு நாள்தோறும் 34 சதவீதம் குறைத்தது. மூன்று நாள் எண்பது என்பதை ஏழால் வகுத்தால் 34தான் வரும். காகிதத்தில் இரண்டும் சமம். ஓராண்டில் விரதக் குழு 7.7 கிலோவும் மற்றது 4.8 கிலோவும் இழந்தன. இந்தமுறை வேறுபாடு தற்செயல் என்று ஒதுக்க முடியாதது. ஆனால் உடலில் சேர்ந்த உண்மையான பற்றாக்குறையும் விரதக் குழுவில் அதிகமாக இருந்தது. அந்தக் குழுவில் 19 சதவீதத்தினரும் மற்றதில் 30 சதவீதத்தினரும் விலகினார்கள். சிகாகோவில் அதிகம் விலகியது விரதக் குழு, இங்கே அதற்கு நேர்மாறு. வாரம் மூன்று நாள் என்பது ஒருநாள் விட்டு ஒருநாளைவிடத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும், திட்டத்தைக் கூடுதலாகக் கடைப்பிடித்த தரப்பே கூடுதலாக இழந்தது.

99 சோதனைகளைத் திரட்டி 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பகுப்பாய்வும் இந்தப் படத்தை மாற்றவில்லை. நாள்தோறும் குறைக்கும் முறையைவிட மேலாகத் தெரிந்த விரத வகை ஒருநாள் விட்டு ஒருநாள் விரதம் ஒன்றுதான். அந்த மேன்மையின் அளவு சராசரியாக 1.3 கிலோ. எடை குறைக்க முனையும் ஒருவருக்கு மருத்துவ ரீதியாக இது பெரிய வேறுபாடு அல்ல.

தனக்கு எந்த முறை ஒத்துவருகிறது என்று பார்க்க விரும்புகிறவர், நீர் இறங்கும் முதல் இரண்டு வாரங்களைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த நான்கு வாரங்களின் வாராந்திரச் சராசரி எடையை எழுதிவைக்கலாம். சராசரி அசையவில்லை என்றால் பற்றாக்குறை உருவாகவில்லை என்று பொருள். விரதம் முடிந்து உட்காரும் முதல் வேளையில் விட்டதையெல்லாம் ஈடுகட்டிச் சாப்பிடுவது அதற்கான வழக்கமான காரணம். சாளரத்தை எட்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாகச் சுருக்குவதற்கு முன் அந்த வேளையின் அளவைப் பார்க்க வேண்டும். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்தச் சுய சோதனை பொருந்தாது. உணவு வராத மணிகளிலும் மருந்து வேலை செய்துகொண்டிருப்பதால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அவர்கள் விரதத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும்.