அடுக்குக்குறிப் பரவல்: காத்திருப்பு நேரத்தின் கணக்கு

அடுத்த நிகழ்வுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கிட உதவும் எக்ஸ்பொனென்ஷியல் டிஸ்ட்ரிபியூஷனைத் தமிழில் அடுக்குக்குறிப் பரவல் என்கிறோம். சிலர் சுருக்கி ‘அடுக்குப் பரவல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் t²-இல் மாறி கீழே அடியாக இருக்கிறது, e⁻ᵗ-இல் அது மேலே ஏறிக் குறியாக உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் வேறு வேறு சார்புகள். அந்தக் ‘குறி’தான் வேறுபாட்டைக் காட்டுகிறது, அதை விடக் கூடாது. மூலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, ‘வெளியே எடுத்து வை’ என்று பொருள். மைக்கேல் ஸ்டீஃபல் என்ற ஜெர்மன் கணிதர் 1544-இல் வெளியிட்ட நூலில் அதை அடுக்குக்குறிக்கான சொல்லாகப் பயன்படுத்தினார்.

சரி, காத்திருக்கும் நேரத்துக்குள் அடுக்குக்குறி எப்படி நுழைந்தது? ஓர் உதவி மையத்துக்குச் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஓர் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வீதம் λ = 1/4, அதாவது நிமிடத்துக்குக் கால் அழைப்பு. t நிமிடத்தை n சிறு துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டில் அழைப்பு வராமல் இருக்கும் நிகழ்தகவு ஏறக்குறைய 1 − λt/n. துண்டுகள் ஒன்றையொன்று பாதிக்காதவை என்பதால் எல்லாத் துண்டிலும் வராமல் இருக்க இதை n முறை பெருக்க வேண்டும். n-ஐ எல்லையின்றிப் பெருக்கிக்கொண்டே போனால் (1 − λt/n)ⁿ போய்ச் சேரும் இடம் e^(−λt). ‘இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை’ என்ற பெருக்கல்தான் அடுக்காக ஏறி நிற்கிறது, பெயருக்கு அதுவே காரணம்.

காத்திருப்பு நேரம் T என்ற சமவாய்ப்பு மாறி t-ஐத் தாண்டும் நிகழ்தகவு இப்போது கையில் இருக்கிறது. 1-லிருந்து அதைக் கழித்து வகையிட்டால் நிகழ்தகவு அடர்த்திச் சார்பு வரும்: f(t) = λe^(−λt), t ≥ 0. இது நிகழ்தகவு அல்ல, அடர்த்தி. λ = 3 என்றால் f(0) = 3, ஒன்றைவிடப் பெரியது, அதில் தவறே இல்லை. நிகழ்தகவு வேண்டுமென்றால் தொகையிட்டே ஆக வேண்டும். அடுத்த அழைப்புக்கு 6 நிமிடத்துக்கு மேல் ஆகுமா என்று பார்ப்போம்:

```
P(T > 6) = ∫₆^∞ (1/4) e^(−t/4) dt
         = [ −e^(−t/4) ]₆^∞
         = e^(−1.5) ≈ 0.223
```

மேல் எல்லையில் மதிப்பு 0 ஆகிவிடுகிறது, கீழ் எல்லையின் கழித்தல் குறியோடு இன்னொரு கழித்தல் சேர்ந்து கூட்டல் ஆகிறது. 2-லிருந்து 6 நிமிடத்துக்குள் வருமா என்றால் எல்லைகளை மட்டும் மாற்றினால் போதும்: e^(−0.5) − e^(−1.5) ≈ 0.6065 − 0.2231 ≈ 0.383.

பலர் சறுக்குவது இங்கே: ‘சராசரி 4 நிமிடம்’ என்று கேள்வியில் இருப்பதைப் பார்த்து λ = 4 என்று போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் e^(−24) வரும், கிட்டத்தட்ட பூஜ்யம். சராசரியே 4 நிமிடமாக இருக்கும்போது 6 நிமிடத்தைத் தாண்டவே தாண்டாது என்று விடை சொன்னால், λ தலைகீழாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

சராசரி ஏன் 1/λ? நேரத்தை அதன் அடர்த்தியால் பெருக்கித் தொகையிட வேண்டும், இரண்டு சார்புகளின் பெருக்கல் என்பதால் பகுதித் தொகையிடல் தேவைப்படும். u = t, dv = λe^(−λt) dt என்று எடுத்தால் v = −e^(−λt):

```
E(T) = ∫₀^∞ t·λe^(−λt) dt
     = [ −t e^(−λt) ]₀^∞ + ∫₀^∞ e^(−λt) dt
     = 0 + 1/λ
```

முதல் உறுப்பு முடிவிலியில் ஏன் 0 ஆகிறது என்பதை ஒரு வரியாவது எழுத வேண்டும்: t வளர்வதைவிட e^(−λt) வேகமாகத் தேய்கிறது. நம் கணக்கில் 1/λ = 4, கொடுத்ததே திரும்பி வந்துவிட்டது. ஆனால் சராசரி 4 என்பதால் பாதி அழைப்புகள் 4 நிமிடத்துக்குள் வரும் என்று நினைக்க வேண்டாம். 1 − e^(−1) ≈ 0.632, ஆகவே ஏறக்குறைய 63 சதவீதம் அதற்குள் வந்துவிடும். பாதி வருவது 4 ln 2, அதாவது சுமார் 2.77 நிமிடத்தில். சில நீண்ட காத்திருப்புகள் சராசரியை மேலே இழுக்கின்றன.

அப்புறம் ஒரு விசித்திரமான குணம். ஏற்கெனவே 10 நிமிடம் காத்திருந்தாகிவிட்டது, இன்னும் 6 நிமிடத்துக்கு மேல் ஆகுமா என்று கேட்டால் e^(−4)-ஐ e^(−2.5)-ஆல் வகுக்க வேண்டும், மறுபடியும் அதே e^(−1.5) வருகிறது. காத்திருந்த நேரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. இதை நினைவின்மைப் பண்பு என்கிறோம், இந்தப் பரவலின் உயிரே இதுதான், எல்லையும் இதுதான். கால அட்டவணைப்படி வரும் வண்டிக்கோ, தேய்ந்து தேய்ந்து பழுதாகும் உதிரிபாகத்துக்கோ இது பொருந்தாது, அங்கே கடந்த நேரம் முடிவை மாற்றுகிறது. தரவு கையில் இருந்தால் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், அடுக்குக்குறிப் பரவலில் அதுவும் 1/λ, சராசரிக்குச் சமம். சராசரி 4, திட்ட விலக்கம் 1 என்று வந்தால் வேறு பரவலைத் தேட வேண்டியதுதான்.